கழுதை என்றால் கோபமா, கொஞ்சலா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எஸ்டேட் குடும்பத்துக்கு மருமகளாகப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பேரனைப் பாட்டி "கழுதை" என்பார். வார்த்தையை விடுங்கள், அது எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். "அடக் கழுதை..." என்று இழுத்து, பின்னாலேயே "சாப்பிட்டியாடா?" என்று வந்தால் கொஞ்சல். "கழுதை!" என்று வெட்டி நிறுத்தினால் பையன் ஏதோ செய்துவிட்டான். அதைவிட அபாயம், நாள் முழுக்க "ஐயா", "ராசா" என்று கூப்பிடும் அம்மா திடீரென்று பள்ளிக்கூடப் பெயரை முழுசாகச் சொல்வது. அப்போது வீடே கப்சிப்.

நிறத்தை வைத்து வரும் "கருப்பி" மட்டும் வேறு கதை. அப்பா தனியே குழைந்து கூப்பிடும்போது சிரிக்கிற பெண், தீபாவளிக்கு வந்த விருந்தாளிகள் முன்னால் அதே குரலில் கேட்டாலும் முகம் சுண்டிப்போவாள். அதைச் செல்லப்பெயராக வைக்காமல் இருப்பதே நல்லது என்பேன்.

அப்புறம், இந்தப் பெயர்களை நீங்களும் எடுத்துப் பேச அவசரப்படாதீர்கள். நாத்தனார் பிள்ளைகளை முதலில் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள். "அத்தை சமையல்ல உப்பே இல்ல" என்று அவர்களே உங்களை வம்புக்கு இழுக்க ஆரம்பித்த பிறகு, "போடா வாலு" என்றால் சரியாக எடுத்துக்கொள்வார்கள்.