பெற்றோருக்குப் பருவக் குறிப்பு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பருவம் முடியும் சமயத்தில் புதிய ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் என் மேசைக்கு வரும். குழுச் செயல்பாடுகளில் பிள்ளை எப்படிக் கலந்துகொண்டது என்று பெற்றோருக்கு ஐந்தாறு வரி எழுத வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் செய்த அதே சொதப்பல்கள் வருஷம் தவறாமல் திரும்பி வருகின்றன. எழுத்துப்பிழை, பெயர் மாறிப்போவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே அவை சிக்கிவிடும்.

## நடந்ததை விட்டுவிட்டுச் சுபாவத்தை எழுதுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். ஓர் ஆசிரியர் கொண்டுவந்த குறிப்பு இப்படி இருந்தது: “குழு வேலையில் ஆர்வம் குறைவு. கூச்ச சுபாவம் உள்ளவள். இன்னும் பங்கேற்க வேண்டும்.”

மூன்று வரியில் ஒன்றுகூட வகுப்பில் நடந்ததைச் சொல்லவில்லை. “எந்தச் செயல்பாட்டில் பார்த்தீர்கள்?” என்று கேட்டேன். நல்லவேளை, அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. இருவரும் உட்கார்ந்து புரட்டினோம். அந்தப் பருவத்தில் ஐந்து குழுச் செயல்பாடுகள் நடந்திருந்தன.

நீர்ச் சுழற்சி சார்ட்டை ஆறு பேர் சேர்ந்து வரைந்தார்கள். ஒரே சார்ட், இரண்டே ஸ்கெட்ச் பேனா. அவளுக்குக் கிடைத்த இடத்திலிருந்து பார்த்தால் படம் தலைகீழாகத் தெரியும். கடைசிவரை பேனா அவள் கைக்கு வரவில்லை. வினாடி வினாவிலும் ஆறு பேர்தான். யார் முதலில் கத்துகிறார்களோ அவர்கள் பதில்தான் பதில். அதிலும் அவள் வாய் திறக்கவில்லை. செடியின் உயரத்தை அளந்தபோது இருவர் இருவராக வேலை. அளவுகோலின் விளிம்பிலிருந்து அளக்கக் கூடாது, பூஜ்ஜியக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும் என்று கூட்டாளியைத் திருத்தியது அவள்தான். கணக்குப் புதிரில் மூன்று பேர். இரண்டு முறை வேறு வழி சொன்னாள், ஒன்று சரியாக வந்தது. நாடகத்தில் மேடை ஏறவில்லை, ஆனால் வசனத்தில் பாதி அவள் எழுதியது.

ஆர்வம் குறைவா? ஆறு பேர் கூட்டத்தில், தனக்கென்று ஒரு வேலை இல்லாதபோது ஒதுங்குகிறாள். இரண்டு மூன்று பேருக்குள், அல்லது செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தால், நன்றாகவே செய்கிறாள். இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. எத்தனை பேர், என்ன வேலை, பொருள் யார் கையில் இருந்தது என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பாதிக் குறை நாங்கள் குழு பிரித்த விதத்தில் இருந்தது.

குறிப்பை மாற்றி எழுதினோம்:

“செடி அளக்கும் வேலையில், அளவுகோலைப் பூஜ்ஜியத்திலிருந்து வைக்க வேண்டும் என்று உங்கள் மகள் கூட்டாளிக்கு விளக்கினாள். நாடகக் குழுவுக்குப் பாதி வசனம் எழுதித் தந்தாள். ஆறு பேர் சேர்ந்து சார்ட் வரைந்தபோதும் வினாடி வினாவிலும் அவள் பேசவில்லை. அடுத்த பருவத்தில் அவளை முதலில் மூன்று பேர் குழுவில் சேர்க்கிறோம். பெரிய குழு என்றால் குறிப்பெடுப்பது போல ஒரு பொறுப்பை முன்பே சொல்லிவிடுவோம்.”

பேசவில்லை என்பதை மறைக்கவில்லை, கவனியுங்கள். எங்கே பேசவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னோம்.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், சுபாவம் பற்றிய ஒரு வரியை வைத்துப் பெற்றோர் செய்யக்கூடியது அநேகமாகத் திட்டுவது மட்டும்தான். சந்திப்பு நாளில் ஓர் அப்பா குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் எதிரிலேயே மகனிடம், “ஏன்டா வாயே திறக்க மாட்டேங்கிற? மிஸ் எழுதியிருக்காங்க பாரு” என்றார். அதுவரை இருவர் வேலையிலாவது பேசிக்கொண்டிருந்த பையன், அடுத்த சில வாரங்களுக்கு அதிலும் பேசவில்லை. அந்தத் தாள் கோப்பில் போய் உட்கார்ந்தது இன்னொரு வினை. அடுத்த வகுப்பு ஆசிரியர் அதைப் படித்துவிட்டு, பாவம் பையன் என்று அவனுக்கு நேரம் பார்க்கும் வேலையாகவே கொடுத்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குப் பேச என்ன இருக்கிறது?

சிறு பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் வெளியிட்ட ஆய்வில், மழலையர் விளையாட்டில் கலந்துகொள்ளும் விதங்களைப் பிரித்தபோது, மற்றவர் ஆடுவதை அருகில் நின்று கவனிப்பதையும் அதில் ஒரு வகையாகவே வைத்தார். அப்படி நிற்கும் பிள்ளை, யார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும், நடுவில் ஏதாவது கேட்கவும் செய்யும். அதை “சேர மறுக்கிறான்” என்று எழுதினால் அது தப்பான தகவல்.

பாராட்டிலும் இதே கோளாறுதான். “தலைமைப் பண்பு மிக்கவன்” என்று எழுதப்பட்ட சில பிள்ளைகளை நான் வகுப்பில் போய்ப் பார்த்திருக்கிறேன். பேனாவை யாருக்கும் தராதவன் அவன்தான்.

எழுதிய வரி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வீட்டில் அதைப் படித்துக் காட்டினால், “ஆமா, அன்னிக்கு அளவுகோல் வெச்சு அளந்தோமே” என்று பிள்ளைக்கு நினைவு வர வேண்டும். வராது என்று தோன்றினால் அந்த வரியில் நிகழ்ச்சி இல்லை.

ஆனால், எல்லாக் குழுவிலும், விளையாட்டு நேரத்திலும், தனியாகக் கேட்டாலும் ஒரு பிள்ளை பேசுவதே இல்லை என்றால் அது வேறு. அதற்கு நீங்களாக ஒரு பெயர் சூட்டிக் குறிப்பில் எழுதாதீர்கள். பெற்றோரை நேரில் அழைத்து, வீட்டில் எப்படி என்று முதலில் கேளுங்கள்.

## கடைசி இரண்டு வாரத்தைப் பருவமாக்குவது

எழுத உட்காரும்போது நினைவில் நிற்பது கடைசியாக நடந்ததுதான். ஒவ்வொரு செயல்பாட்டிலும் நான்கைந்து பிள்ளைகளை மட்டும் குறிவைத்துப் பாருங்கள், அடுத்ததில் வேறு நான்கைந்து பேர். தேதி, எத்தனை பேர் குழு, பிள்ளை செய்தது, முடிந்தால் சொன்ன சொல் அப்படியே. ஆளுக்கு இரண்டு வரி போதும். அன்றே எழுதாவிட்டால் அந்தச் சொல் போய்விடும்.

## குழுவின் வெற்றியைப் பிள்ளையின் கணக்கில் எழுதுவது

“இவர்கள் குழு முதலிடம் பெற்றது” என்பது குழுவைப் பற்றிய செய்தி. அதில் இந்தப் பிள்ளை என்ன செய்தது?

## பக்கத்துப் பிள்ளையின் பெயர்

வேண்டாம். நல்லதாக இருந்தாலும் வேண்டாம். “கூட்டாளி” போதும்.

## முதல் தகவலே குறிப்பில் வருவது

அடிதடி, அழுகை, குழுவை விட்டு எழுந்து போனது எல்லாம் நடந்த வாரத்திலேயே போனில் சொல்ல வேண்டியவை.

## “வீட்டில் ஊக்கப்படுத்தவும்”

எதை, எப்படி? பெற்றோருக்குத் தெரியாததால்தான் உங்களைக் கேட்கிறார்கள். செய்ய ஒன்று கொடுங்கள்: “அடுத்த வாரம் பாலம் கட்டும் வேலை, மூன்று பேர் குழு. அட்டையை மடிக்கும் பொறுப்பு உங்கள் மகளுக்கு. முந்தின நாள் அதைப் பற்றி அவளிடம் இரண்டு நிமிஷம் பேசுங்கள்.” கொடுக்க அப்படி எதுவும் இல்லையென்றால், சரி, அந்த வரியையே எடுத்துவிடுங்கள்.