டென்னிஸ் ஹைலைட்ஸ் பார்க்கும்போது மூலையில் உள்ள ஸ்கோரையும் பாருங்கள்

2017 விம்பிள்டனில் ஹைலைட்ஸ் காட்சிகளைத் தேர்ந்தெடுக்க ஐபிஎம் நிறுவனம் ஏஐ-யைப் பயன்படுத்தியது. முதலில் ஒவ்வொரு பாயிண்ட்டும் தனித் துண்டாகப் பிரிக்கப்படும். அப்புறம் கூட்டத்தின் ஆரவாரம், வீரர் முஷ்டியை உயர்த்துவது போன்ற சைகைகள், ஆட்டத்தின் புள்ளிவிவரம் ஆகியவற்றை வைத்து மதிப்பெண் போடப்படும்.

சிக்கல் ஆரவாரத்தில்தான். பெரிய கோர்ட்டில் பிரபலமானவர் அடிக்கும் சாதாரண ஷாட்டுக்கே அரங்கம் அதிரும். ஓரத்துக் கோர்ட்டில் அடித்த அருமையான ஷாட்டுக்கு நாலு பேர்தான் கைதட்டுவார்கள். இந்தச் சாய்வைக் குறைக்க ஐபிஎம்மே பிறகு அமெரிக்க ஓப்பனில் தனியாக மெனக்கெட்டது.

உள்ளூர் வீரர் 4-6, 4-6 என்று தோற்கிறார் என வைத்துக்கொள்வோம். அவர் வென்ற பாயிண்ட்டுகளுக்குத்தான் சத்தம் அதிகம், அதனால் அவைதான் அதிகம் இடம்பிடிக்கும். எதிராளி சர்வீஸில் அமைதியாக எடுத்த கேம்களும், உள்ளூர்க்காரர் வலையில் அடித்த பந்துகளும் விடுபட்டுப் போகும். பார்ப்பவருக்கு அவர் மயிரிழையில் தோற்றதாகத் தோன்றும். இது வென்றவருக்குச் செய்யும் அநியாயம்.

அதனால் துண்டு மாறும்போதெல்லாம் ஸ்கோரைக் கவனியுங்கள். 2-2 என்றிருந்தது அடுத்த துண்டில் 2-4 ஆகிவிட்டதா? சரி, ஒரு சர்வீஸ் பிரேக் காட்டப்படாமலே போயிருக்கிறது. அந்த இரண்டு கேம்களை மட்டும் முழு ஆட்டப் பதிவில் தேடிப் பாருங்கள்.