பச்சை இறைச்சி ஊறிய மசாலாவை சாஸ் ஆக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தந்தூரி சிக்கனுக்காக ஒரு கிலோ கோழித்தொடையை ஊறவைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கெட்டித் தயிர் 200 கிராம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு, உப்பு. மறுநாள் துண்டுகளை எடுத்து அடுப்பில் போட்ட பிறகும் பாத்திரத்தின் அடியில் ஒரு கப் மசாலா தங்கியிருக்கும். கோழி விட்ட நீரும் அதில் கலந்திருக்கும். அத்தனை தயிரையும் மசாலாவையும் கொட்ட யாருக்குத்தான் மனசு வரும்?

கொட்ட வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜிலேயே ஊறிய மசாலாவை நன்றாகக் கொதிக்க வைத்தால் சாப்பிடலாம். பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற கிருமிகள் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே அழிந்துவிடும். கொதிநிலை அதற்கு வெகு மேலே இருக்கிறது. ஊட்டி போன்ற உயரமான ஊரில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூடும் தாராளமாகப் போதும். ஆனால் ‘நன்றாகக் கொதித்தது’ என்று நாம் நினைப்பது பல நேரம் உண்மையில் கொதித்திருக்காது. கொதித்தும் சரியாகாத மசாலாவும் உண்டு.

முதலில் கொதியையே பார்ப்போம். தயிரும் விழுதும் சேர்ந்த மசாலா கெட்டியானது. அடுப்பில் வைத்த ஒரு நிமிடத்தில் ஓரங்களில் குமிழி வரும், நடுவில் ‘பொளக்’ என்று ஒன்று வெடிக்கும். அதைப் பார்த்ததும் கொதி வந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறோம். அடியில் இருக்கும் சூடு கெட்டியான குழம்பின் வழியே மேலே ஏற நேரமாகும். அதனால் அடி பிடிக்கத் தொடங்கும்போதுகூட மேற்பரப்பு வெதுவெதுப்பாகவே இருக்கலாம். பாத்திரத்தின் சுவரில் வழித்து ஒட்டிய மசாலாவுக்கோ சூடே போய்ச் சேராது. மைக்ரோவேவிலும் இதே சிக்கல்தான்: ஓரிடத்தில் பொங்கும், பக்கத்திலேயே சில்லென்று இருக்கும். இதற்காகவே இந்த வேலைக்கு மைக்ரோவேவ் வேண்டாம் என்பேன்.

சரி, எப்படிச் செய்வது? ஒரு வெங்காயத்தையும் ஒரு தக்காளியையும் உப்புப் போடாமல் எண்ணெயில் வதக்கிக்கொள்ளுங்கள். மிச்ச மசாலாவில் ஒரு டீஸ்பூன் கடலை மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, அரை கப் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, வாணலியில் ஊற்றுங்கள். கடலை மாவு தயிர் திரியாமல் காக்கும்; தண்ணீர் சேர்ப்பதால் சூடு எல்லா இடத்துக்கும் பரவும். மிதமான தீயில், சுவரையும் வழித்து விட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். கரண்டியால் கிளறும்போதும் அடங்காமல் மேற்பரப்பு முழுக்கத் தளதளவென்று கொதிக்க வேண்டும். கிளறியதும் குமிழி நின்றுவிட்டால் இன்னும் கொதி வரவில்லை என்று அர்த்தம். அடங்காத கொதி வந்த பிறகு ஐந்து நிமிடம் விடுங்கள். கிருமிக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, ஆனால் பச்சை இஞ்சி பூண்டு வாசனை போக அது வேண்டும். எங்காவது தவறிய சூட்டையும் அந்த நேரம் ஈடுகட்டிவிடும். எண்ணெய் பிரிந்து மேலே வரும்.

கொதிக்கும்போது சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னத் திரளாக ஏதோ மிதக்கலாம். கோழி விட்ட நீரிலுள்ள புரதம் சூட்டில் திரண்டு அப்படி வருகிறது. கெடுதல் இல்லை, பார்க்க நன்றாக இல்லையென்றால் வடிகட்டிவிடலாம். உப்பையும் காரத்தையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். ஊறவைக்கப் போட்ட உப்பு மொத்தக் கோழிக்கும் போட்டது; அதில் கணிசமான பங்கு இந்த ஒரு கப்பிலேயே தங்கியிருக்கும். அதற்காகக் கொதிக்கும் முன் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்பது கூடாது. எலுமிச்சையும் தயிரும் இருக்கிறதே, புளிப்பு கிருமியைக் கொன்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. புளிப்பு கிருமி வளரும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். பச்சைக் கோழியை அது பாதுகாப்பானதாக்காது.

இனி, கொதித்தும் சரியாகாத மசாலா. காலையில் ஊறவைத்து மதியம் வரை சமையல் மேடையிலேயே மூடி வைப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது. அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்குப்படி, சீக்கிரம் கெடும் உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது; 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். நம் ஊர்க் கோடையில் அடுப்படி அதைத் தாண்டாத நாள் ஏது? நம் கையிலிருந்தே மசாலாவுக்குப் போகக்கூடிய ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற கிருமி, உப்பையும் தாங்கி வளரும். வளரும்போது ஒரு நஞ்சையும் விட்டுவைக்கும். கொதி அந்தக் கிருமியைக் கொல்லும், நஞ்சை அழிக்காது. அரை மணி நேரம் கொதித்தாலும் அந்த நஞ்சு தாக்குப்பிடிக்கும். மசாலா வாசனையில் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கவும் வழியில்லை. ஆகவே வெளியில் மணிக்கணக்கில் நின்ற மசாலாவைக் கொட்டத்தான் வேண்டும், அதில் ஊறிய கோழிக்கும் அதே கதிதான்.

கிரில் போடும்போது நடக்கும் தவறு வேறு மாதிரி. பாதி வெந்த கோழியின் மேல் அதே பச்சை மசாலாவைப் பிரஷ்ஷால் தடவிக்கொண்டே இருப்பார்கள், பளபளப்பு வேண்டும் என்று இறக்கும் நேரத்திலும் ஒரு தடவல். உள்ளே வெந்த கோழிக்கு வெளியே வேகாத கோழிச்சாற்றைப் பூசிப் பரிமாறுவதாகிவிடும். மசாலாவை முதலிலேயே கொதிக்க வைத்துவிட்டுத் தடவினால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் பிரஷ்ஷும் கிண்ணமும் புதிதாக இருக்க வேண்டும். கொதித்த சாஸை, கோழி ஊறிய அதே கிண்ணத்தில் ‘எதற்கு இன்னொரு பாத்திரம்’ என்று ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு எளிய வழி உண்டு. மசாலா கலக்கும்போதே, கோழியைப் போடும் முன், கால் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். நான் செய்வது இதுதான். தடவவும் தொட்டுக்கொள்ளவும் அதுவே போதும், சுவையும் கோழிநீர் கலக்காமல் தெளிவாக இருக்கும்.

கொதிக்க வைத்த சாஸ் மிச்சமானால் அதையும் ராத்திரி முழுக்க அடுப்படியில் விடாதீர்கள். மசாலாத் தூள்களில் பேசிலஸ் வகைக் கிருமிகளின் வித்துகள் இருப்பது வழக்கம். அவை கொதியிலும் சாகாமல் தப்பி, குழம்பு ஆறி வெதுவெதுப்பாக நிற்கும்போது முளைத்துப் பெருகும். அகலமான பாத்திரத்தில் மாற்றினால் சீக்கிரம் ஆறும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து, மூன்று நாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் தனியே எடுத்து, மறுபடி தளதளவென்று கொதிக்க வைத்துப் பரிமாறுங்கள்.