மணல் கானால் முதுகுத் தசை வளர்க்கலாமா? சின்னப் பாரத்தில் பயிற்சி செய்யும் முறை

கிளிநொச்சி ஜிம்மில் ஒருவர் 20 கிலோ டம்பெல்லை 8 தடவை இழுக்கிறார். உள்ளூரில் வீட்டு முற்றத்தில் இன்னொருவர் 10 கிலோ மணல் கானை 30 தடவை இழுக்கிறார். யாருக்கு முதுகுத் தசை கூட வளரும்? இரண்டு பேரும் கை இனி ஏறாது என்ற இடம் வரைக்கும் போனால், வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 2012இல் வெளியானது. ஒருமுறை மட்டும் தூக்கக்கூடிய உச்சப் பாரத்தின் 30 சதவீதத்தில் 3 செற் செய்தவர்களுக்கும், 80 சதவீதத்தில் 3 செற் செய்தவர்களுக்கும் 10 கிழமையில் தொடைத் தசை ஒத்த அளவில் வளர்ந்திருந்தது. இரு பகுதியினரும் ஒவ்வொரு செற்றையும் இயலாமல் போகும்வரை செய்தார்கள். வீட்டில் செய்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

காரணம் தசைக்குள்ளே இருக்கிறது. பாரம் குறைவென்றால் உடம்பு முதலில் சின்னத் தசைநார்களை மட்டும் வேலைக்கு விடும். அவை களைக்கக் களைக்கத்தான் பெரிய நார்களைக் கூப்பிடும். கூடுதலாக வளரக்கூடியவை அந்தப் பெரிய நார்களே. பெரிய பாரத்தில் அவை தொடக்கத்திலேயே வந்துவிடும், சின்னப் பாரத்தில் கடைசிச் சில தடவைகளில்தான் வரும். 30 தடவை இயலுமானவர் 18இல் நிறுத்தினால், வியர்வை வந்ததே தவிர வேலை நடக்கவில்லை.

படி 1: கானைத் தயார் செய்தல்

கைபிடி உள்ள 10 லீற்றர் கான் ஒன்று போதும். தண்ணீரை அரைவாசி நிரப்பினால் இழுக்கும்போது தளம்பி மணிக்கட்டைத் திருப்பும். அதனால் காய்ந்த மணலைப் போட்டு, கடைத் தராசில் நிறுத்து 10 கிலோவாக்குங்கள். கைபிடி ஒடுக்கமாக இருந்தால் 20ஆவது தடவையிலேயே விரல் நோகும், முதுகு களைக்க முன்னரே கானை விட்டுவிடுவீர்கள். பழைய சாரத்துணியைக் கைபிடியில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள்.

படி 2: எல்லையைக் கண்டுபிடித்தல்

இடது கையை வாங்கில் ஊன்றிக் குனியுங்கள், முதுகு வளையக்கூடாது. வலது கையால் கானைப் பிடித்து, முழங்கை விலாவுக்குப் பின்னால் போகும்வரை இழுத்து, இரண்டு விநாடியில் இறக்குங்கள். இழுக்கும்போது மூச்சை விடுங்கள், அடக்க வேண்டாம். எண்ணிக்கொண்டே போங்கள்.

பலர் எரிவு தொடங்கியதும் நிறுத்துவார்கள். எரிவு எல்லை அல்ல. நீங்கள் வேகமாக இழுக்க நினைத்தும் கான் தானாக மெதுவாக ஏறத் தொடங்கும், பிறகு முழங்கை விலாவைத் தொடாமல் பாதியில் நிற்கும். அந்த இடம்தான் எல்லை. இடுப்பைத் திருப்பி எறிந்து ஏற்றிய தடவைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

45 தடவைக்கு மேலும் போகிறதென்றால் பாரம் போதாது, 2 கிலோ மணல் கூட்டுங்கள். உச்சப் பாரத்தின் 20 சதவீதம் அளவுக்கு இறங்கினால், இயலாமல் போகும்வரை செய்தாலும் வளர்ச்சி குறைந்துவிடும்.

படி 3: கிழமைக் கணக்கு

செவ்வாயும் வெள்ளியும், ஒவ்வொரு கைக்கும் 3 செற். இடையில் 2 நிமிடம் ஓய்வு. எல்லைக்கு ஒன்று இரண்டு தடவை முன்னால் நிறுத்தலாம், அதற்கு முன்னால் வேண்டாம்.

ஒருவரின் எல்லை 30 என்று வைப்போம். முதல் செற் 28, அடுத்தது 23, கடைசி 19 என்று இறங்கும். இறங்கத்தான் வேண்டும். மூன்று செற்றும் 28, 28, 28 என்று வந்தால் முதல் செற்றை நேரத்தோடு நிறுத்திவிட்டார் என்று அர்த்தம். சில கிழமையில் முதல் செற் 35ஐத் தொட்டதும் ஒரு கிலோ மணல் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை மறுபடியும் 30 பக்கமாக இறங்கும், அங்கேயிருந்து ஏற்றுங்கள். எண்ணிக்கையையும் கிலோவையும் கொப்பியில் எழுதாவிட்டால் இரண்டு மாதம் அதே 10 கிலோவில் நிற்பீர்கள்.

காலுக்கு மட்டும் வேறு மாதிரி

இரண்டு காலிலும் குந்தி எழும்பினால் தொடை களைக்க முன்னர் மூச்சு வாங்கிவிடும். ஒரு காலை வாங்கில் பின்னால் வைத்து, மற்றக் காலால் மட்டும் இறங்கி ஏறுங்கள். 15 - 20 தடவையிலேயே தொடை எல்லைக்கு வந்துவிடும்.

பெலம் வேறு, பருமன் வேறு

மேலே சொன்ன ஆய்விலேயே தூக்கும் பெலம் பெரிய பாரக்காரருக்குத்தான் கூட ஏறியது. உங்கள் தேவை நெல் மூட்டையைத் தோளுக்கு ஏற்றுவதென்றால் கான் மட்டும் போதாது. கிழமையில் ஒரு நாளாவது 5 தடவைக்கு மேல் இயலாத பாரத்தைச் சரியான முறையில் தூக்கிப் பழக வேண்டும். தசைப் பருமன் மட்டும் வேண்டுமென்றால் கானோடு தொடரலாம், செற்றுக்கு நேரம்தான் கூடப் போகும்.