"நான் கையெழுத்து போடாமல் எப்படி விற்பான்?"

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மாவும் இப்போது இல்லை. பிள்ளைகள் நான்கு பேர், அதில் இருவர் பெண்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஆளுக்குக் கால் பங்கு. கல்யாணமாகிப் போன பெண்களுக்கும் அதே கால்தான். மூத்தவர் குடியிருக்கிறார், கடைசித் தம்பிக்குப் பணம் தேவை. "நான் கையெழுத்து போடாமல் எப்படி விற்பான்?" என்று மூத்தவர் சும்மா இருந்துவிடுகிறார். நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

முழு வீட்டையும் தம்பியால் விற்க முடியாது என்பது சரி. ஆனால் தன்னுடைய பிரிபடாத கால் பங்கை விற்க அவருக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். வீடு 80 லட்சம் பெறும் என்றால் அவர் பங்கு 20 லட்சம். சண்டையுள்ள சொத்து என்பதால் வெளியாள் 15 லட்சத்துக்குத்தான் கேட்பார். தம்பி விற்கப்போவது தெரிந்த அன்றே உடன்பிறந்தவர்கள் "நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று எழுத்தில் சொல்ல வேண்டும். வாரிசுரிமைச் சட்டத்தின் 22வது பிரிவு அவர்களுக்கு அந்த முன்னுரிமையைத் தருகிறது. விலை ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும்.

அதை விட்டுவிட்டு, கிரயம் முடிந்தபின் வாங்கியவர் வாசலில் நிற்கும்போது பதறுகிறார்கள். அப்போதும் ஒரு பாதுகாப்பு உண்டு. பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து கூடவே குடியிருக்க உரிமை கேட்க முடியாது. சொத்து மாற்றச் சட்டத்தின் 44வது பிரிவு அது. அவர் பாகப்பிரிவினை வழக்குப் போடத்தான் வேண்டும். போட்டால், 1893ஆம் வருடப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4வது பிரிவின்படி அந்தப் பங்கை வாங்கிக்கொள்வதாக நீங்கள் நீதிமன்றத்தில் கேட்கலாம். ஆனால் விலை, அவர் கொடுத்த 15 லட்சம் என்று இருக்காது, நீதிமன்றம் மதிப்பிடுவதுதான். தாமதத்தின் செலவு அங்கேதான் தெரியும்.

அடுத்த தவறு, சம்மனை வாங்காமல் திருப்பி அனுப்புவது. தம்பியே நேரடியாகப் பாகம் கேட்டும் வழக்குப் போடலாம், மற்ற மூவரும் வேண்டாம் என்றாலும் சரி. நீங்கள் ஆஜராகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். மூன்று சென்ட் வீட்டை நான்காக வெட்டினால் யாருக்கும் உதவாது. அப்போது பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் கேட்டால், வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். அதாவது தம்பியோடு ஒரு அக்கா சேர்ந்தாலே போதும். அந்த நிலையிலும் மற்றவர்கள், விற்கச் சொன்னவர்களின் பங்கை மதிப்பிட்ட விலைக்கு வாங்க அனுமதி கேட்கலாம். ஆனால் நீதிமன்றத்துக்குப் போனால்தானே கேட்க முடியும்!

அப்புறம் பட்டா. மூத்தவர் பெயரில் மட்டும் பட்டாவும் வீட்டுவரி ரசீதும் இருப்பதால் வீடு அவருடையது ஆகிவிடாது. அதை நம்பி அவர் முழு வீட்டையும் விற்றால், வாங்கியவருக்குக் கிடைப்பது அவருடைய கால் பங்குதான். தம்பியின் பங்கு மூத்தவருக்கு வேண்டுமென்றால் பணத்தைக் கொடுத்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெள்ளைத்தாளில் "என் பாகத்தை விட்டுக்கொடுத்தேன்" என்று எழுதி வாங்கியது நீதிமன்றத்தில் நிற்காது.