சான்றிதழ் தேர்வுக்கு பட்ஜெட் போடுவது எப்படி: பாஸ் ஆகும்வரை ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

கிளவுட் சான்றிதழ் எழுத நினைக்கும் மாணவர்கள் பெரும்பாலும் தேர்வுக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் சேர்க்கிறார்கள். வரி, கார்டு கட்டணம், ஒருமுறை தவறினால் ஆகும் செலவு எல்லாம் அப்புறம்தான் தெரியவருகிறது. இந்தியாவில் இருந்து மைக்ரோசாஃப்ட் அல்லது அமேசான் (ஏடபிள்யூஎஸ்) தேர்வு எழுதும் ஒருவரை வைத்துப் பார்ப்போம்.

1. உங்கள் நாட்டு விலையைப் பாருங்கள்

மைக்ரோசாஃப்ட் நாட்டுக்கு நாடு வேறு விலை வைக்கிறது. தொடக்கநிலைத் தேர்வான AZ-900 அமெரிக்காவில் 99 டாலர். தேர்வின் அதிகாரப்பூர்வ பக்கத்தில் நாட்டுப் பட்டியலில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ பாதி விலைதான் காட்டும். அதனால் யூடியூபில் சொல்லும் டாலர் விலையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். விலை குறைவு என்று வேறொரு நாட்டைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். தேர்வு நாளில் அடையாள அட்டையைச் சரிபார்ப்பார்கள். விவரம் பொருந்தாவிட்டால் கட்டிய பணமே போய்விடலாம்.

அமேசானின் பட்டியல் விலை டாலரில்தான் இருக்கிறது. கிளவுட் பிராக்டிஷனர் 100 டாலர், அசோசியேட் நிலை 150, புரொஃபஷனல் நிலை 300. இதற்கு மேல் வரி தனி. டாலரில் கட்டும்போது பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம்வரை அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை முன்கூட்டியே போட்டுவைப்பது நல்லது. புதிய கார்டுகளில் அது தானாக இருக்காது.

2. மாணவர் சலுகையை முன்பதிவுக்கு முன்பே வாங்குங்கள்

மைக்ரோசாஃப்ட் பல தேர்வுகளுக்கு மாணவர் விலை தருகிறது. சான்றிதழ் சுயவிவரத்தில் கல்லூரி மின்னஞ்சல் முகவரியாலோ, மாணவர் என்பதைக் காட்டும் ஆவணத்தாலோ உங்கள் நிலையை உறுதிசெய்ய வேண்டும். அது முடிந்த பிறகே கட்டணப் பக்கத்தில் குறைந்த விலை தெரியும். பணம் கட்டிவிட்டு, "நான் மாணவன், மீதியைத் திருப்பித் தாருங்கள்" என்று கேட்பது வீண் அலைச்சல். கடைசி ஆண்டில் இருப்பவர்கள் கல்லூரி மின்னஞ்சல் முடக்கப்படும் முன்பே இதை முடித்துவிட வேண்டும்.

3. மறுதேர்வையும் கணக்கில் சேருங்கள்

என் பார்வையில் பட்ஜெட்டின் முக்கியமான பகுதி இதுதான். அமேசான் தேர்வில் தவறினால் 14 நாள் காத்திருந்து, மறுபடி முழுக்கட்டணம் கட்ட வேண்டும். மைக்ரோசாஃப்டில் முதல் முறை தவறினால் 24 மணி நேரம் கழித்து எழுதலாம், ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் குபெர்னெடீஸ் நிர்வாகி தேர்வு விலை கூடியது என்றாலும் ஒரு மறுதேர்வு அதே விலைக்குள் அடக்கம். ஆகவே மேலே தெரியும் விலையை மட்டும் ஒப்பிட்டால் தவறான முடிவுக்கு வருவோம்.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். உங்கள் இலக்கு அமேசானின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட். நேரடியாக எழுதினால் 150 டாலர். ஒருமுறை தவறினால் மொத்தம் 300. இன்னொரு வழியும் உண்டு. அமேசான் தேர்வில் ஒன்றில் பாஸ் ஆனால் அடுத்த தேர்வுக்கு 50 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். முதலில் கிளவுட் பிராக்டிஷனர் எழுதி 100, பிறகு பாதி விலையில் அசோசியேட் 75, மொத்தம் 175. வெறும் 25 டாலர் கூடுதலில் இரண்டு சான்றிதழ். ஆனால் அசோசியேட்டில் தவறினால் தள்ளுபடி அந்த முயற்சியோடு தீர்ந்துவிடும். மறுதேர்வுக்கு 150 சேர்ந்து 325 ஆகும். அடிப்படை தெரியாதவருக்கு இரண்டாம் வழி நல்லது. ஏற்கெனவே கிளவுடில் வேலை பார்ப்பவர் நேராக அசோசியேட் எழுதி, அந்தத் தள்ளுபடியை 300 டாலர் தேர்வுக்கு வைத்துக்கொள்ளலாம். அங்கே 150 டாலர் மிச்சம்.

ரூபாயில் சொன்னால், 1 டாலர் 90 ரூபாய் என்று வைத்து 150 டாலர் 13,500. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 15,930. கார்டு கட்டணம் 3.5 சதவீதம் என்றால் 16,500-ஐ நெருங்கும். மறுதேர்வுக்கும் இதே தொகையை ஒதுக்கிவிட்டுத்தான் தேதி போட வேண்டும்.

4. வவுச்சரை வாங்கும் முன் நிபந்தனையைப் படியுங்கள்

வவுச்சர் என்பது கட்டணப் பக்கத்தில் போடும் குறியீடு. பல வவுச்சர்கள் வாங்கிய நாட்டில், அந்த நாணயத்தில்தான் செல்லும். ஐடி சான்றிதழ் தேர்வுகள் நடத்தும் காம்ப்டியா அமைப்பின் வவுச்சர்கள் அப்படித்தான். டெலிகிராம் குழுக்களில் பாதி விலைக்கு விற்கப்படுபவை பெரும்பாலும் வேறு நாட்டுக்கோ வேறு கல்லூரிக்கோ கொடுக்கப்பட்டவை. அதை வைத்துப் பாஸ் ஆனாலும் சான்றிதழையே ரத்து செய்ய இடம் இருக்கிறது. மலிவு என்பதற்காக அந்த ஆபத்தை எடுக்க வேண்டாம்.

காலாவதித் தேதியையும் கவனியுங்கள். பொதுவாக அந்தத் தேதிக்குள் முன்பதிவு செய்தால் மட்டும் போதாது, தேர்வையே எழுதி முடித்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் தீரும் வவுச்சர் கையில் இருந்தால் தேர்வைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் ஒரு வாரம் முன்னால் போடுங்கள். இணையம் துண்டித்துப்போனாலோ காய்ச்சல் வந்தாலோ தேதியை மாற்ற அப்போதுதான் இடம் இருக்கும்.