புகையான் பரிந்துரையை 134 எழுத்தில் அடக்கும்போது எதை வெட்டக்கூடாது

ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் டெல்டாவின் சம்பா வயல்களில் புகையான் என்ற சாறுறிஞ்சும் பூச்சி தலைகாட்டும். பூச்சியியல் வல்லுநர் ஒரு பக்கத்துக்குப் பரிந்துரை எழுதித் தருவார். அதை விவசாயியின் செல்போனுக்குப் போகும் குறுஞ்செய்தியாகச் சுருக்கும் வேலை பெரும்பாலும் வேறொருவரிடம் வரும். அங்கேதான் தவறுகள் நடக்கின்றன.

கைக்கு வரும் பரிந்துரை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே, தற்போது நிலவும் மேகமூட்டமான வானிலை காரணமாக நெற்பயிரில் புகையான் தாக்குதல் ஏற்பட வாய்ப்புள்ளது. தழைச்சத்து உரம் அதிகமாக இடுவதைத் தவிர்க்க வேண்டும். ஒரு கிளைக்கு ஒரு பூச்சி, சிலந்திகள் இருக்கும் வயலில் இரண்டு பூச்சி என்ற அளவைத் தாண்டினால், வயலில் உள்ள நீரை வடித்துவிட்டு, புப்ரோபெசின் 25 எஸ்சி மருந்தை ஏக்கருக்கு 320 மி.லி. வீதம் பயிரின் அடிப்பாகத்தில் படும்படி தெளிக்க வேண்டும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது."

முதல் தவறு எண்ணிக்கையில். ஒரு குறுஞ்செய்தி சுமக்கக்கூடியது 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் 160 எழுத்து பிடிக்கும். தமிழுக்கு ஒவ்வொன்றுக்கும் 16 பிட், ஆகவே 70தான். அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் போகும். துண்டுகளை ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டுமே, அதனால் ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே மிஞ்சும். இரண்டு துண்டுக்கு 134.

இதில் பலர் ஏமாறுவது, கண்ணுக்குத் தெரியும் எழுத்தை எண்ணுவதால். "நெல்" நமக்கு இரண்டு எழுத்து, கணினிக்கு நான்கு: ந, கொம்பு, ல, புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு உயிர்மெய்க் குறியும் தனியாகக் கணக்கில் சேரும். "புப்ரோபெசின்" என்ற ஒரு பெயரே 12 இடம் தின்றுவிடும். ஆகவே விரலை விட்டு எண்ணாமல், யூனிகோடு கணக்குக் காட்டும் பெட்டியில் ஒட்டிப் பார்ப்பதே சரி. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினால் 160 கிடைக்குமே என்று சிலர் போவார்கள். அறுபது வயதுக்காரர் "vadikkavum" என்பதை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். நான் அதை மிச்சமாகக் கருதமாட்டேன். அதில் ஒரே ஒரு ரூபாய்க் குறி நுழைந்தாலும் கணக்கு மறுபடி 70க்கு இறங்கிவிடும்.

இரண்டாவது தவறுதான் பயிரைத் தொடுவது: நிபந்தனையை வெட்டிவிடுவது. இடம் போதாதபோது "கிளைக்கு 1 பூச்சி இருந்தால்" என்பது தொழில்நுட்ப விவரம் போலத் தோன்றும். மருந்தின் பெயரும் அளவும்தான் முக்கியம் என்று தோன்றும். நிபந்தனையை எடுத்துவிட்டால் செய்தி, பூச்சி இருக்கிறவர் இல்லாதவர் எல்லோரையும் மருந்தடிக்கச் சொல்கிறது. செலவு ஒரு பக்கம் இருக்கட்டும். பூச்சியில்லாத வயலில் கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு பைரித்ராய்டை அடித்தால் சிலந்தி முதலான நன்மை செய்பவை செத்துப்போகும், அப்புறம் புகையான் முன்னைவிட வேகமாகப் பெருகும்.

நிபந்தனையிலேயே இன்னொரு பள்ளம். "தூருக்கு 1" என்று எழுதினால், தூர் என்பதை மொத்தக் குத்தாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. ஒரு குத்தில் 15 கிளை இருந்தால், அளவு 15 மடங்கு தவறாகிவிடும். "கிளைக்கு" என்றே எழுதுவது நல்லது.

மூன்றாவது, வரிசையைக் குலைப்பது. புகையான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பயிரின் அடியில் ஒட்டியிருக்கும். தண்ணீரை வடித்தால்தான் அந்த அடிப்பாகம் வெளிப்பட்டு மருந்து படும். "வடித்து" என்பதை வெட்டிவிட்டுத் "தெளிக்கவும்" என்று மட்டும் விட்டால், மருந்து இலையின் மேலேயே தங்கிவிடும், பூச்சி அடியில் சாறு குடித்துக்கொண்டிருக்கும்.

நான்காவது தமிழின் வாக்கிய அமைப்பால் வருவது. நம் மொழியில் மறுப்பு கடைசியில்தான் நிற்கும். "பைரித்ராய்டு மருந்துகளைப் பயன்படுத்தக் கூடாது" என்பதில் கடைசிச் சொல் திரையின் முன்னோட்டத்தில் அறுந்தாலோ, அடுத்த துண்டு தாமதமாக வந்தாலோ, தடை பரிந்துரையாக மாறிவிடும். "யூரியா வேண்டாம்" போல, பெயரும் மறுப்பும் ஒட்டியிருக்கும் சிறு வாக்கியமாக்கி முன்னால் கொண்டுவந்தால் இந்த ஆபத்து குறையும்.

சரி, சுருக்கிப் பார்ப்போம். அழைப்புச் சொல்லும் வானிலைக் காரணமும் போகட்டும். புகையான் என்றால் நெல்தான், டெல்டாக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் "புப்ரோபெசின் 25 ஏக்கருக்கு 320 மிலி" என்று எழுதத் தோன்றும். படித்துப் பாருங்கள்: 25 ஏக்கருக்கு 320 மில்லியா? இரண்டு எண்களுக்கு நடுவே ஒரு அளவுச்சொல் நின்றால் அது எந்த எண்ணோடும் சேர்ந்துகொள்ளும். 25 என்பதையே எடுத்துவிடலாமா என்றால் கூடாது, வேறு வீரியத்திலும் இந்த மருந்து வருகிறது. அளவை முன்னுக்குத் தள்ளினால் தீர்ந்தது:

"புகையான்: யூரியா வேண்டாம். கிளைக்கு 1 பூச்சி இருந்தால் மட்டும் நீரை வடித்து, ஏக்கருக்கு 320 மிலி புப்ரோபெசின் 25% தூரில் பட அடிக்கவும்"

எண்ணினால் சரியாக 134. இங்கே "தூரில்" என்பது அடிப்பாகத்தை மட்டும் குறிக்கிறது, எண்ணிக்கைக்கு அது பயன்படவில்லை. "மிலி"யில் புள்ளிகளை விட்டதில் நஷ்டமில்லை. பல விவசாயிகள் மாக் கணக்கில்தான் பேசுவார்கள். மூன்று மா ஒரு ஏக்கர் என்பது தெரிந்ததுதான், வகுத்துக்கொள்வார்கள்.

முதல் துண்டு "நீரை" என்ற சொல்லோடு முடிகிறது. அது மட்டும் வந்து சேர்ந்தால் கெடுதல் ஒன்றுமில்லை. இரண்டாவது துண்டு மட்டும் வந்தால் நிபந்தனை இல்லாத மருந்தளவு கையில் இருக்கும். இதற்கு 134க்குள் முழுத் தீர்வு இல்லை. மூன்று துண்டுக்குச் செலவு கட்டுபடியானால் நிபந்தனையை இறுதியிலும் ஒருமுறை சொல்லிவிடலாம்.

இதில் இல்லாதவை மூன்று. சிலந்தி இருந்தால் இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம் என்பது போனது, அதனால் சிலர் கொஞ்சம் முந்தி அடிப்பார்கள். பைரித்ராய்டு தடையும் போனது, மருந்தின் பெயரைச் சொல்லிவிட்டதால் ஓரளவு சமாளிக்கலாம். கரைக்க வேண்டிய தண்ணீரின் அளவும் இல்லை, அது மருந்து லேபிளில் உண்டு. அறுவடைக்கு முன் எத்தனை நாள் விட வேண்டும் என்பதை இதில் திணிக்காமல் கதிர் முற்றும் சமயத்தில் தனிச் செய்தியாக அனுப்பலாம்.

நாளைப் பற்றிச் சுருக்கமாக: "நாளை மழை" என்று எழுதாதீர்கள். இரவில் அணைந்திருந்த செல்போனில் மறுநாள் காலை வந்து விழும் செய்திக்கு நாளை என்பது வேறு நாள். தேதியைப் போடுங்கள்.

கடைசியாக, இந்தச் செய்தியை எல்லா வட்டாரத்துக்கும் ஒரேபோல அனுப்புவது. தஞ்சாவூர் மேட்டு வயலில் மடையைத் திறந்தால் நீர் இறங்கிவிடும். அதே வாரம் வேதாரண்யம் பக்கத்துக் கடைமடையில் வடிகால் வாய்க்காலே நிரம்பிக் கிடக்கும். அங்கே "நீரை வடித்து" என்பது செய்ய முடியாத வேலை, அதைப் படித்தவர் தேங்கிய தண்ணீரோடு மருந்தை அடிப்பார். அந்த வட்டாரங்களுக்கு மட்டும் "நீர் வடிந்தபின்" என்று மாற்றி, "அடிக்கவும்" என்பதை "அடிக்க" என்று குறைத்தால் 133க்குள் வந்துவிடும்.